முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகான கணக்கு

2010 மார்ச் 21 அன்று லிஸ்பன் நகரில் எரித்ரியாவின் ஜெர்செனாய் டாடெஸெ அரை மாரத்தானை 58 நிமிடம் 23 நொடியில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 46 நொடி என்ற வேகம். அந்த உலக சாதனை எட்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. முழு மாரத்தானின் அன்றைய உலக சாதனை, எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி பெர்லினில் ஓடிய 2 மணி 3 நிமிடம் 59 நொடி. ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கை டாடெஸெயின் நேரத்துக்குப் போட்டால், முழு மாரத்தானுக்கு 2 மணி 1 நிமிடம் 43 நொடி என்று விடை வருகிறது. சாதனையையே இரண்டு நிமிடத்துக்கு மேல் தாண்டும் விடை அது.

அந்த நேரத்தை அவர் ஒருபோதும் நெருங்கவில்லை. சாதனைக் கணக்கில் சேரும் பந்தயங்களில் அவருடைய மிகச் சிறந்த மாரத்தான் நேரம் 2018-ல் பெர்லினில் ஓடிய 2 மணி 8 நிமிடம் 46 நொடி. கணக்கு ஏழு நிமிடம் பிசகியது.

கென்யாவின் கெல்வின் கிப்டம் கதை நேர்மாறானது. அவர் 2020-ல் வலென்சியாவில் ஓடிய அரை மாரத்தான் 58 நிமிடம் 42 நொடி, அதாவது டாடெஸெயைவிட 19 நொடி மெதுவு. ஆனால் 2023 அக்டோபரில் சிகாகோவில் முழு மாரத்தானை 2 மணி 35 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். அரை தூரத்தில் 19 நொடி பின்தங்கியவர், முழு தூரத்தில் 8 நிமிடம் 11 நொடி முன்னால் நிற்கிறார். இருவருக்கும் இடையில் வேறுபட்டது வேகம் அல்ல. தூரம் கூடக்கூட அந்த வேகம் எவ்வளவு கரைகிறது என்பதுதான்.

முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விக்கும் விடை இந்தக் கரைவில்தான் இருக்கிறது. பத்து கிலோமீட்டரும் அரை மாரத்தானும் ஓடியாயிற்று, வாரா வாரம் பயிற்சியும் நடக்கிறது. 42.195 கிலோமீட்டரை எத்தனை மணி நேரத்தில் முடிக்க முடியும்? தப்பான விடையோடு தொடக்கக் கோட்டில் நிற்பவர் அதற்கான விலையை முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு கொடுக்கிறார்.

வழக்கமான கணக்கைத் தந்தவர் பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவரும் ஓட்டக்காரர்தான். 1977-ல் ஓர் ஓட்டப் பத்திரிகையில் எழுதிய சூத்திரத்தை, 1981-ல் அறிவியல் இதழ் ஒன்றில் விரிவாக விளக்கினார். இன்று இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான மாரத்தான் கணிப்பான்களுக்கு அடிப்படை அதுவே.

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1 என்பது ஏற்கெனவே ஓடிய நேரம், D1 அந்தத் தூரம். D2 ஓடப்போகும் தூரம், T2 அதற்கு ஆகும் நேரம். சூத்திரத்தின் உயிர் 1.06 என்ற அடுக்கு எண்ணில் இருக்கிறது. அது வெறும் 1 ஆக இருந்தால் தூரம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும். வேகம் கொஞ்சமும் குறையாது என்று பொருள். 1.06 என்றால், தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் கிடைத்துவிடும்.

அந்த 1.06 எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரீகல் பார்த்தது உலக சாதனைகளை. சாதனைப் பட்டியலில் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொருவர் இருக்கிறார். ஒவ்வொருவரும் அந்தத் தூரத்துக்கென்றே உடலைத் தயார்செய்தவர். ஆகவே, எந்தத் தூரத்துக்கும் முழுமையாகத் தயாரான மனிதருக்கு வேகம் எவ்வளவு குறையும் என்பதைத்தான் 1.06 சொல்கிறது. அலுவலகம் போய்வந்து வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவரின் கால்கள் அரை மாரத்தானுக்குத் தயாராக இருக்கலாம். அதே கால்கள் முழு மாரத்தானுக்கும் அதே அளவு தயாராக இருக்கும் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. பிசகு அங்கேதான் நுழைகிறது.

புள்ளியியலாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் என்பவரோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். 2016-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 2,303 சாதாரண ஓட்டக்காரர்களின் பந்தய நேரங்கள் இருந்தன. அரை மாரத்தான் வரை ரீகலின் சூத்திரம் நன்றாகவே பொருந்தியது. முழு மாரத்தானில், பாதிப் பேருக்கு அது சொன்ன நேரம் உண்மையைவிடக் குறைந்தது பத்து நிமிடம் குறைவாக இருந்தது. வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்ற விவரத்தையும் கணக்கில் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டப் பயிற்சி செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. பத்து கிலோமீட்டரை 52 நிமிடத்திலும், அரை மாரத்தானை 1 மணி 55 நிமிடத்திலும் ஓடியிருக்கிறார். இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையிலான அடுக்கு எண்ணைக் கணக்கிட்டால் 1.063 வருகிறது. ரீகல் சொன்னதற்கு மிக நெருக்கம். அதனால் சூத்திரத்தின் மீது அவருக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பு. 115 நிமிடத்தை 2.085-ஆல் பெருக்குகிறார். விடை 3 மணி 59 நிமிடம் 46 நொடி.

நான்கு மணி நேரத்துக்குள்! கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி ஓடினால் போதும். மாரத்தான் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் கனவு காணும் எல்லையை, பதினான்கு நொடி வித்தியாசத்தில் சூத்திரம் அவர் கையில் கொடுத்துவிடுகிறது.

இனி அவருடைய பயிற்சிக் குறிப்பேட்டைத் திறப்போம். கடைசி எட்டு வாரங்களில் வாரத்துக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். மெதுவான ஓட்டம், டெம்போ ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் எல்லாவற்றையும் சேர்த்தால், சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி. இந்த இரண்டு எண்களிலிருந்து மாரத்தான் வேகத்தைக் கணிக்கும் வழியொன்றை இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான்னி டாண்டா 2011-ல் வெளியிட்டார். 22 ஓட்டக்காரர்கள் ஓடிய 46 மாரத்தான்களையும், அவற்றுக்கு முந்தைய எட்டு வாரப் பயிற்சியையும் ஒப்பிட்டு அவர் கண்ட சூத்திரம் இது:

```
Pm = 17.1 + 140 × e^(-0.0053 × K) + 0.55 × P
```

K வாராந்திரச் சராசரித் தூரம், கிலோமீட்டரில். P பயிற்சியின் சராசரிப் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகள். Pm மாரத்தானில் எதிர்பார்க்கக்கூடிய பேஸ், அதுவும் நொடியில். பயிற்சியில் நன்றாக அமைந்த ஒரே ஒரு நாளை வைத்து இது முடிவு சொல்வதில்லை. எட்டு வாரமும் உடல் எவ்வளவு தாங்கியது, எந்த வேகத்தில் தாங்கியது என்று மொத்தமாகப் பார்க்கிறது. வேகம் பிடித்து ஓடிய ஒரு செவ்வாய்க்கிழமை மனத்துக்கு உற்சாகம் தரும்; நாலாவது மணி நேரத்தில் கால்கள் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது.

நம் ஓட்டக்காரரின் எண்களைப் போடுவோம். K 40, P 400 நொடி. நடுப்பகுதி 113 நொடி ஆகிறது, கடைசிப் பகுதி 220. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 350 நொடி, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 50 நொடி. முழு தூரத்துக்கு 4 மணி 6 நிமிடம் 23 நொடி. அரை மாரத்தான் சொன்னதைவிட ஏறக்குறைய ஏழு நிமிடம் கூடுதல். ரீகல் சூத்திரத்தில் 1.06-க்குப் பதிலாக 1.10 போட்டாலும் ஏறத்தாழ இதே விடைதான் வரும்.

டாண்டா கவனித்த மாரத்தான்கள் ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் முதல் 3 மணி 36 நிமிடம் வரையில் ஓடப்பட்டவை. நான்கு மணி நேரக்காரருக்கு அதைப் பயன்படுத்தும்போது, சூத்திரத்தை அதன் எல்லைக்கு வெளியே இழுக்கிறோம். எனவே 4 மணி 6 நிமிடத்தை இந்தப் பெண்ணின் சிறந்த நாளுக்குரிய நேரமாகக் கொள்வதே பாதுகாப்பு. விக்கர்ஸ் கண்ட பத்து நிமிடப் பிசகையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய நேரம் 4 மணி 6 நிமிடத்துக்கும் 4 மணி 15 நிமிடத்துக்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம். மாரத்தான் கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இப்படி ஓர் இடைவெளியாகச் சொல்வதே நேர்மையானது.

ஏன் முழு மாரத்தானில் மட்டும் இந்த இடறல்? எரிபொருள் ஒரு முக்கியக் காரணம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு 2,500 கிலோகலோரி வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து பெரும்பாலும் இந்தத் தேவைக்குக் குறைவாகவே இருக்கிறது. மீதியைக் கொழுப்பு தர வேண்டும். மாவுச்சத்து கைச்செலவுக்கு வைத்த பணம். கொழுப்பு வங்கியில் போட்ட நிரந்தர வைப்பு. வைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவசரத்துக்கு வேண்டிய வேகத்தில் எடுக்க முடியாது. வேகம் கூடினால் கைப்பணம் கரையும் வேகமும் கூடுகிறது. அரை மாரத்தான் அந்தப் பணம் தீருமுன் முடிந்துவிடும். முழு மாரத்தான் முடியாது.

அது தீர்ந்துபோகும் நிலையைத்தான் ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவது என்கிறார்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேரி ஸ்மித், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாரத்தான் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். 5-வது கிலோமீட்டரிலிருந்து 20-வது வரை ஓடிய பேஸ்தான் அடிப்படை. பந்தயத்தின் பின்பாதியில் தொடர்ந்து 5 கிலோமீட்டராவது அதைவிட 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் மெதுவாக ஓடியிருந்தால் சுவரில் மோதியதாகக் கணக்கு. ஆண்களில் 28 சதவீதம் பேரும் பெண்களில் 17 சதவீதம் பேரும் அப்படி மோதியிருந்தார்கள்.

நம் ஓட்டக்காரர் நான்கு மணி நேரக் கனவோடு 5:41 பேஸில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரை தூரத்தை 1 மணி 59 நிமிடம் 54 நொடியில் கடக்கிறார். எல்லாம் சரியாகவே போகிறது. 28-வது கிலோமீட்டரில் கால் கனக்கிறது. வேகம் 25 சதவீதம் குறைந்து, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடியாகிறது. மிச்சமிருக்கும் 14 கிலோமீட்டரும் அப்படியே போனால், முடிவுக் கோட்டில் கடிகாரம் 4 மணி 20 நிமிடம் காட்டும்.

அதே பெண் 5:52 பேஸில் தொடங்கிக் கடைசிவரை அப்படியே ஓடினால் 4 மணி 7 நிமிடம் 33 நொடி. கிலோமீட்டருக்கு 11 நொடி நிதானம், முடிவில் 12 நிமிட லாபம். வேகமாகத் தொடங்கியதால் முதல் 28 கிலோமீட்டரில் அவர் மிச்சம் பிடித்தது வெறும் ஐந்து நிமிடம். கடைசி 14 கிலோமீட்டரில் அதையும் இழந்து, அதற்கு மேலும் இழக்கிறார்.

யாருடைய வேகம் அதிகம் கரையும் என்று பந்தயத்துக்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. லாங் ரன்னில் அதற்கான தடயம் கிடைக்கும். இரண்டரை மணி நேர ஓட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டிலும் பேஸையும் இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டும். முதல் பாதியில் 6:40 பேஸுக்கு 145 துடிப்பு. இரண்டாம் பாதியில் அதே பேஸுக்கு 149 துடிப்பு என்றால் உடல் தாங்குகிறது. அது 158-ஆக ஏறியிருந்தால் 9 சதவீத உயர்வு. ஒரே வேகத்துக்கு உடல் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். பயிற்சியாளர்கள் பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் மாரத்தான் தரவுகளை வைத்து ஸ்மித்தும் எட் மாண்டரும் 2022-ல் செய்த ஆய்விலும், இந்த விலகல் குறைவாக இருந்தவர்களின் மாரத்தான் நேரம் சிறப்பாக இருந்தது. தங்கள் எண் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறவர்கள், கணிப்பு இடைவெளியின் மெதுவான முனையை எடுத்துக்கொள்வது நல்லது.

சென்னை போன்ற ஊரில் இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. அதிகாலை நான்கரைக்குத் தொடங்கிய ஓட்டம் ஏழு மணிக்கு முடியும்போது வெயில் ஏறியிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, தோலைக் குளிர்விக்க இரத்தம் திருப்பிவிடப்படும், இதயம் கூடுதலாகத் துடிக்கும். துடிப்பு ஏறியதற்குக் கால்களின் களைப்பு காரணமா, புழுக்கம் காரணமா என்று ஒரே ஓட்டத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒத்த வானிலையில் ஓடிய மூன்று நான்கு லாங் ரன்களை ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

கணிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-ல் பல மாரத்தான்களின் முடிவுகளை வானிலையோடு ஒப்பிட்டபோது, வெப்பம் கூடக்கூட எல்லோருமே மெதுவானார்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். பெங்களூரின் குளிர்ந்த காலையில் ஓடிய அரை மாரத்தானை வைத்துச் சென்னையின் முழு மாரத்தானைக் கணித்தால், சூத்திரம் சரியாக இருந்தாலும் விடை தவறும்.

கையில் கட்டிய கடிகாரமும் இரண்டு நிமிடம் ஏமாற்றலாம். பந்தயப் பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். ஓடுகிறவர் வளைவுகளில் விலகியும் கூட்டத்தைச் சுற்றியும் போவார். ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தூரத்தைக் கூட்டும். முடிவில் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டுவது சாதாரணம். அந்த 400 மீட்டருக்கு 5:41 பேஸில் 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே பந்தயத்தன்று கடிகாரம் காட்டும் பேஸைவிடச் சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளை நம்புவதே சரி.

எல்லாவற்றையும் சேர்த்து, நம் ஓட்டக்காரரின் பந்தயத் திட்டம் எப்படி இருக்கும்? தொடக்கம் 5:52 பேஸில். அரை தூரத்தை 2 மணி 3 நிமிடம் 46 நொடியில் கடக்க வேண்டும். அங்கே கடிகாரம் 2 மணிக்குக் குறைவாகக் காட்டினால் அவர் மகிழத் தேவையில்லை, உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். 32-வது கிலோமீட்டரில் மூச்சும் கால்களும் சீராக இருந்தால், மிச்சமிருக்கும் பத்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பத்து நொடி வேகம் கூட்டலாம். அப்போது 4 மணி 5 நிமிடம் 51 நொடியில் முடிக்க முடியும். வேகம் கூட்ட முடியாவிட்டாலும் 4 மணி 7 நிமிடம் உறுதியாகக் கையில் இருக்கிறது.

முடித்த பிறகு அவரிடம் விலைமதிப்புள்ள ஓர் எண் இருக்கும். அரை மாரத்தான் 115 நிமிடம், முழு மாரத்தான் 247 நிமிடம் என்றால், அவருடைய சொந்த அடுக்கு எண் 1.10. டாடெஸெக்கு அது 1.14, கிப்டமுக்கு 1.04. கிப்டம் வாரத்துக்கு 250 முதல் 280 கிலோமீட்டர், சில வாரங்களில் 300-க்கும் மேல் ஓடியதாக அவருடைய பயிற்சியாளர் ஜெர்வைஸ் ஹகிசிமானா சொல்லியிருக்கிறார். ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் வாராந்திரத் தூரம் கரைவைக் குறைக்கிறது என்று விக்கர்ஸும் டாண்டாவும் கண்டதோடு அது ஒத்துப்போகிறது.

அடுத்த ஆண்டு நான்கு மணி நேரத்தைத் தொட அவர் என்ன செய்யலாம் என்பதற்கும் டாண்டாவின் சூத்திரம் ஒரு குறிப்புத் தருகிறது. பயிற்சி வேகத்தை மாற்றாமல், வாராந்திரத் தூரத்தை 40-லிருந்து 55 கிலோமீட்டராக உயர்த்தினால் கணிப்பு 4 மணி 18 நொடிக்கு இறங்குகிறது. தூரத்தைக் கூட்டாமல் வேகத்தால் மட்டும் அதே ஆறு நிமிடத்தைப் பெற வேண்டுமானால், எட்டு வாரமும் ஒவ்வொரு ஓட்டத்தையும் கிலோமீட்டருக்குச் சராசரியாக 16 நொடி வேகமாக ஓடியாக வேண்டும். 22 பேரைக் கவனித்து எழுதிய சூத்திரம் என்பதால் இதை மருந்துச் சீட்டாகக் கொள்ள முடியாது. தூரத்தையும் சில மாதங்களில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் நான்கு மணி நேரத்தைக் குறிவைக்கும் பெரும்பாலோருக்கு, வாரத்தில் இன்னொரு நாள் நிதானமாக ஓடுவது, இருக்கிற நாள்கள் எல்லாவற்றிலும் வேகத்தைக் கூட்டுவதைவிட எளிதாகக் கைகூடும்.